காதுக்குக் கீழே கன்னம் வீங்கினால்: பொன்னுக்கு வீங்கியை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி

தண்டையார்பேட்டையில் ஆறு வயதுப் பையன், எடை 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நேற்று வலது கன்னம், இன்று இடதும் வீங்கிவிட்டது. "எல்லா ஊசியும் போட்டாச்சே" என்பார் அம்மா. அட்டையைப் பாருங்கள். அரசு சுகாதார நிலையத்தில் போடுவது எம்.ஆர்.; அது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும்தான். பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துப் போடுவது எம்.எம்.ஆர். அதைத் தனியாகப் போடாத பிள்ளை, இந்த நோய்க்கு ஊசி போடாத பிள்ளைதான்.

முதலில் தொட்டுப் பாருங்கள். பொன்னுக்கு வீங்கியில் வீக்கம் தாடை எலும்பின் முனையை மூடிவிடும், காது மடல் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். தாடைக்குக் கீழே உருண்டையாகத் தனியே தட்டுப்பட்டால் அது பெரும்பாலும் நெறிக்கட்டு. தோல் சிவந்து சூடாக இருந்தாலோ, வாய்க்குள் சீழ் வந்தாலோ வேறு தொற்றாக இருக்கலாம். கழுத்தே தடித்து, தொண்டையில் சாம்பல் நிறப் படலம் தெரிந்தால் தொண்டை அடைப்பானாக இருக்கலாம், காத்திருக்காமல் ஓடுங்கள். எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அடுத்து வலி. வேப்பிலை கட்டுங்கள், நாமக்கட்டியும் பூசுங்கள், யார் வேண்டாமென்றது? ஆனால் "அம்மைக்கு மருந்து ஆகாது" என்று பாராசிட்டமாலை நிறுத்தாதீர்கள். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் இந்தப் பையனுக்கு ஒருவேளைக்கு 5 மில்லி, ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். பாட்டிலில் உள்ள அளவைப் படித்துவிட்டுக் கொடுங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. இது வைரஸ் என்பதால் ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது.

புளிப்பைத் தவிருங்கள். எலுமிச்சை, ஊறுகாய், புளிச்சாறு பட்டதும் எச்சில் சுரக்கும், வீங்கிய சுரப்பி சுண்டி இழுக்கும். குழைந்த கஞ்சி, இட்லி, நிறையத் தண்ணீர் போதும்.

அப்புறம் தனிமை. வீக்கம் தொடங்கிய நாளிலிருந்து ஐந்து நாள் பள்ளி வேண்டாம், டியூஷன் வேண்டாம். எச்சில், இருமல் வழியாகப் பரவும். ஒற்றை அறை வீட்டில் தனி அறை எங்கே? தனித் தம்ளர், தனித் தட்டு, தனித் தலையணை, திறந்த ஜன்னல், இவ்வளவாவது செய்யலாம். கர்ப்பிணிகள் நெருங்க வேண்டாம். வீக்கத்துக்கு முன்பே பரவத் தொடங்கியிருக்கும் என்பதால், தம்பி தங்கைக்கு இரண்டு மூன்று வாரத்தில் வரலாம்.

கடைசியாகக் கவனிக்க வேண்டியவை. கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, ஓயாத வாந்தி, மயக்கம், வலிப்பு என்றால் மூளைக்குப் போயிருக்கலாம். 108-ஐ அழைத்து ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மேல்வயிற்றில் கடும் வலி வந்தால் கணையம் பாதித்திருக்கலாம். வயதுக்கு வந்த அண்ணனுக்குத் தொற்றி விதை வீங்கினால் அன்றே காட்டுங்கள், வெட்கப்பட்டு மறைக்க விடாதீர்கள். காது கேட்காமல் போவது அரிது. பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் என்பதால் பிள்ளைக்கே தெரியாது. ஒரு காதைப் பொத்தி மற்றதில் மெல்லப் பேசிப் பாருங்கள், வீக்கம் வடிந்த பிறகும் ஒரு தடவை.