இறுதிச் சுற்று நேர்காணலுக்குப் பின் விசாரிப்பதில் செய்யும் தவறுகள்

இறுதிச் சுற்று முடிந்த மறுநாளே "என் முடிவு என்ன?" என்று மனிதவளத் துறைக்கு மின்னஞ்சல் அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். அந்த நேரத்தில் அங்கே பதிலே உருவாகியிருக்காது. நேர்காணல் எடுத்தவர்கள் மதிப்பீட்டை எழுதித் தர வேண்டும். அதே பதவிக்கு இன்னும் ஓரிருவர் வர வேண்டியிருக்கலாம். பிறகு சம்பளத்தை முடிவுசெய்து மேலிடத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். பெரும்பாலும் தாமதமாவது இங்கேதான். ஆகவே கிடைப்பது "பரிசீலனையில் இருக்கிறது" என்ற ஒற்றை வரிதான். முதல் விசாரிப்பு வீணாகிவிடும். உண்மையிலேயே கேட்க வேண்டிய நாளில் மறுபடி எழுதக் கை கூசும்.

நாட்களை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் அடுத்த தவறு. அவர்கள் ஒரு கெடு சொல்லியிருந்தால் அது முடிந்து இரண்டாவது வேலைநாளில் எழுதலாம். கெடு எதுவும் சொல்லாவிட்டால் நேர்காணலிலிருந்து ஐந்து முதல் ஏழு வேலைநாள் விடுவது நியாயம். சனி, ஞாயிறு, பண்டிகை விடுமுறை எதுவும் இந்தக் கணக்கில் வராது.

சென்னை நிறுவனம் ஒன்றில் ஜனவரி 8, வியாழக்கிழமை இறுதிச் சுற்று. "ஒரு வாரத்தில் சொல்கிறோம்" என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாள்காட்டிப்படி 15ஆம் தேதி கெடு முடிகிறது. ஆனால் அன்று பொங்கல். மறுநாளும் விடுமுறை என்றால் அலுவலகம் திறப்பது 19, திங்கட்கிழமை. அன்று காலை குவிந்து கிடக்கும் அஞ்சல்களுக்கு நடுவே உங்களுடையதும் போய்ச் சேர வேண்டாம். 20ஆம் தேதி முற்பகலில், நேர்காணலுக்கு அழைத்த அதே அஞ்சலுக்குப் பதிலாக இப்படி எழுதினால் போதும்:

"வணக்கம். ஜனவரி 8 அன்று நடந்த இறுதிச் சுற்று தொடர்பாக எழுதுகிறேன். முடிவு எப்போது தெரியவரும் என்று சொல்ல இயலுமா? என்னிடமிருந்து ஏதேனும் விவரம் தேவைப்பட்டால் உடனே அனுப்புகிறேன்."

நேர்காணல் அன்று மாலையே அனுப்பும் நன்றி அஞ்சல் வேறு, இது வேறு. முன்னதில் "முடிவை எதிர்பார்க்கிறேன்" என்று நைசாக நுழைப்பதை அனுபவமுள்ள எந்த அலுவலரும் கண்டுபிடித்துவிடுவார்.

இத்தனை நாள் கணக்கும் செல்லாத இடம் ஒன்று உண்டு. வேறொரு நிறுவனத்தின் பணி ஆணை கையில் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் தர வேண்டும் என்றால், இரண்டாம் நாளே எழுதுங்கள். அந்தத் தேதியையும் குறிப்பிடுங்கள். இங்கே மரியாதை கருதிக் காத்திருப்பதுதான் தவறு. விருப்பம் இருந்தால் ஒப்புதலை விரைவுபடுத்த அவர்களுக்கும் அந்தத் தேதி உதவும். இல்லாத ஆணையை இருப்பதாகச் சொல்ல மட்டும் வேண்டாம். நகலைக் காட்டச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு.

வேலைவாய்ப்பு முகவர் மூலம் போயிருந்தால் அவரிடமே கேளுங்கள். அவரைத் தாண்டி நேர்காணல் எடுத்தவரின் வாட்ஸ்அப்புக்குச் செய்தி அனுப்பினால் இருவருக்குமே எரிச்சல்தான்.