பயமுறுத்தினால் வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை

சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த சுகாதாரப் பணியாளர்கள் சிலர், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான விளக்கப் படங்களைத் தயாரித்துக்கொண்டு வந்து காட்டினார்கள். முதல் படமே முற்றிய புற்றுநோய். இரண்டாவதும் அதுதான். பரிசோதனை எங்கே, எப்போது, யார் செய்வார்கள் என்ற விவரம் கடைசிப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு. அன்று இரவு உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன்.

பணிவாகப் பேசுங்கள், கடினமான சொற்களைத் தவிருங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுப்பார்கள். நான் சொல்ல வருவது, மக்கள் ஏன் பரிசோதனைக்கு வருகிறார்கள், ஏன் வருவதில்லை என்பதை அவர்களின் நம்பிக்கைகளை வைத்து விளக்கும் உடல்நல நம்பிக்கை மாதிரியைப் படித்தவர்களே செய்யும் தவறுகளை.

மாதிரியின் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது

1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையில் ஒரு புதிர் இருந்தது. காசநோயைக் கண்டறிய நடமாடும் எக்ஸ்ரே வண்டிகளை மக்கள் வசிக்கும் இடத்துக்கே அனுப்பினார்கள். கட்டணம் இல்லை. ஆனாலும் பலர் வரவில்லை. ஏன் என்று தேடிய சமூக உளவியலாளர்களில் ஒருவர் காட்ஃப்ரே ஹோச்பாம். மூன்று நகரங்களில் 1,200க்கும் மேற்பட்டவர்களிடம் அவர் இரண்டு விஷயங்களைக் கேட்டறிந்தார். இந்த நோய் தனக்கும் வரக்கூடும் என்று நம்புகிறாரா? முன்கூட்டியே கண்டுபிடித்தால் பயன் உண்டு என்று நம்புகிறாரா? இரண்டையும் நம்பியவர்களில் 82 சதவீதம் பேர் தாமாக முன்வந்து ஒரு முறையாவது எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் 21 சதவீதம் பேர்தான்.

இந்த இரண்டோடு, நோய் வந்தால் எவ்வளவு மோசம், பரிசோதனைக்குப் போவதில் என்ன தடை, கிளம்பவைக்கும் தூண்டுதல் எது என்ற கேள்விகளும் சேர்ந்து மாதிரி உருவானது. ‘என்னால் இதைச் செய்ய முடியும்’ என்ற தன்னம்பிக்கை 1988இல்தான் சேர்க்கப்பட்டது.

இத்தனை இருந்தும் புதியவர்கள் கையில் எடுப்பது ‘எவ்வளவு மோசம்’ என்ற ஒன்றைத்தான். அதைப் படமாகக் காட்டுவது எளிது, கூட்டம் உடனே அமைதியாகிவிடும். அந்த அமைதியை நாம் வெற்றி என்று எண்ணிக்கொள்கிறோம். இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். ஏனென்றால் இவற்றில் எது மக்களின் நடத்தையோடு அதிகம் பொருந்துகிறது என்ற கேள்விக்கு 1984இலேயே பதில் வந்துவிட்டது. அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மக்களின் நடத்தையோடு மிக வலுவாகப் பொருந்தியது தடைகள். மிகக் குறைவாகப் பொருந்தியது நோயின் தீவிரம் பற்றிய எண்ணம்.

என் கதைக்கு வருகிறேன். ஒரு கூட்டத்தில் 60 பெண்களுக்கு முற்றிய புற்றுநோயின் படங்களைக் காட்டினேன். சிலர் கண்கலங்கினார்கள். எல்லோரும் வருவதாகத் தலையசைத்தார்கள். அடுத்த வாரம் வந்தவர்கள் 4 பேர். வராதவர்களின் வீடுகளுக்குப் போனேன். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி என்னை உட்காரவைத்துவிட்டுச் சொன்னார்:

“நீங்கள் காட்டிய படம் கண்ணை விட்டுப் போகவில்லை அம்மா. அது எனக்கும் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? தெரியாமலே இருந்துவிட்டுப் போகிறேன்.”

தடுப்பூசிக்கும் பரிசோதனைக்கும் உள்ள வேறுபாடு எனக்கு அன்றுதான் உறைத்தது. ஊசி போட்டுக்கொண்டவர் பயத்தைக் குறைத்துக்கொண்டு வீடு திரும்புவார். பரிசோதனைக்குப் போகிறவரோ கெட்ட செய்தியோடு திரும்ப நேரலாம். அங்கே தீவிரத்தைக் கூட்டிச் சொன்னால், முடிவைத் தெரிந்துகொள்ளும் பயம் கூடுகிறது. அதாவது நம் கையாலேயே ஒரு தடையைக் கட்டி எழுப்புகிறோம்.

அவரிடம் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது வேறு. இந்தப் பரிசோதனை முக்கியமாகத் தேடுவது புற்றுநோயாக மாறுவதற்கு முந்தைய மாற்றங்களை. அந்த மாற்றம் புற்றுநோயாவதற்குப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் கண்டுபிடித்தால், பெரும்பாலும் மருத்துவமனையில் தங்காமலேயே சிறிய சிகிச்சையில் அகற்றிவிடலாம். அந்தத் திண்ணையில் இதைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. அடுத்து அவர் கேட்டது நோயைப் பற்றி அல்ல: “சோதிப்பவர் ஆணா, பெண்ணா?” பெண் செவிலியர்தான், சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்றேன். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த அறை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்த நாளில் தன் தங்கையையும் அழைத்துக்கொண்டு வந்தார்.

தாளில் எழுதிக் கொடுப்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். இந்த மாதிரியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹோவர்ட் லெவெந்தால், 1965இல் தன் சகாக்களோடு யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் டெட்டனஸ் தடுப்பூசியை வைத்து இதைச் சோதித்தார். சிலருக்குக் கடுமையாகப் பயமுறுத்தும் கையேடு, சிலருக்கு மிதமானது. கடுமையானதைப் படித்தவர்கள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று அதிகமாக விரும்பினார்கள். ஆனால் உண்மையில் போய்ப் போட்டுக்கொண்டதில் அந்த வேறுபாடு தெரியவில்லை. வேறுபாட்டைக் காட்டியது இன்னொன்று: சுகாதார மையத்தைக் குறித்த வரைபடம், ஊசி போடும் நேரம், தங்கள் வார அட்டவணையில் எப்போது போகலாம் என்று யோசிக்கச் சொன்ன குறிப்பு. இவை கிடைத்தவர்களில் சுமார் 28 சதவீதம் பேர் போனார்கள். கையேடு மட்டும் படித்தவர்களில் சுமார் 3 சதவீதம். ஒவ்வொரு குழுவிலும் ஏறத்தாழ 30 பேர்தான் என்பதால் இந்த எண்களை அப்படியே வேறிடத்துக்குப் பொருத்தக் கூடாது. அச்சமே ஊட்டாமல் குறிப்பை மட்டும் பெற்றவர்களில் ஒருவரும் போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் கவலை தேவை. அது மிதமாக இருந்தாலே போதும், போகும் வழியைக் கையோடு கொடுத்தால்.

மறந்தவரை மறுத்தவராக எண்ணுவது

நினைவூட்டினால் வந்துவிடுவார். வாதாடாதீர்கள்.

ஊசி போட்டபின் கேள்வி கேட்பது

“உங்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு?” என்று எல்லோரிடமும் கேட்டுக் கணக்குப் போடுகிறார்கள். தடுப்பூசி போட்டவர் ‘குறைவு’ என்பார், போட்டுக்கொண்டதால். போடாதவர் ‘அதிகம்’ என்பார். கணக்கின் முடிவில், ஆபத்தை உணர்ந்தவர்கள்தான் ஊசியைத் தவிர்க்கிறார்கள் என்று தலைகீழாக ஓர் அறிக்கை வரும். ஹோச்பாமின் ஆய்வுக்கும் இதே பலவீனம் உண்டு. எக்ஸ்ரே எடுத்து முடித்தவர்களிடமும் அவர் பின்னரே கேட்டார். எடுத்ததால் நம்பிக்கை வந்ததா, நம்பியதால் எடுத்தார்களா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. “ஊசி போட்டுக்கொள்ளாவிட்டால் உங்களுக்கு வரும் வாய்ப்பு எவ்வளவு?” என்று நிபந்தனையோடு கேளுங்கள். முடிந்தால் முகாமுக்கு முன்பே கேட்டுவிட்டு, பிறகு யார் வந்தார்கள் என்று பாருங்கள்.

சுவரொட்டியே போதும் என்பது

போதாது. பார்த்த நேரத்துக்கும் போக வேண்டிய நேரத்துக்கும் இடையில் பல நாள்கள் இருக்கின்றன.

எல்லாத் தடையையும் மனத்தில் தேடுவது

மாதிரியின் பெயரில் நம்பிக்கை இருப்பதால், வராதவரின் எண்ணத்தைத் திருத்துவதே வேலை என்று ஆகிவிடுகிறது. வேலையை விட்டு வந்தால் அன்றைய கூலி போய்விடும் என்று ஒருவர் சொன்னால், அது தவறான நம்பிக்கை அல்ல, சரியான கணக்கு. அவருக்கு இன்னொரு விளக்கக் கூட்டம் தேவையில்லை. மையத்தை மாலை வேளையில் இரண்டு மணி நேரம் திறந்துவைக்க முடியுமா என்று பொறுப்பில் இருப்பவரிடம் கேட்க வேண்டியது நாம். புதியவர்களின் படத்தொகுப்பைத் திருப்பிக் கொடுத்தபோது, கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்த அந்த நேரக் குறிப்பை வட்டமிட்டுக் கொடுத்தேன். காலை 10 முதல் பகல் 1 வரை என்று இருந்தது.