400 மீட்டர் ஆர்எஸ்-485 கேபிள்: சில மீட்டர்கள் மட்டும் பதில் சொல்லாதது ஏன்?

ஒரு நூற்பாலையில் 12 எனர்ஜி மீட்டர்களை மோட்பஸ் ஆர்டியு வழியாக, 9600 பாட் வேகத்தில் படிக்க வேண்டியிருந்தது. மாஸ்டர் ஓர் ஆர்டுயினோ மெகா, அதோடு ஒரு மேக்ஸ்485 மாட்யூல்.

முதலில் கேபிள். முறுக்கிய ஜோடி ஒரு மீட்டரிலிருந்து அடுத்த மீட்டருக்கு என்று ஒரே கோடாகப் போக வேண்டும். நடுவிலிருந்து நீளமாகக் கிளை பிரிக்காதீர்கள். இரண்டு கோடிகளிலும் மட்டும் ஏ-க்கும் பி-க்கும் இடையே 120 ஓம் ரெசிஸ்டர். மாஸ்டர் ஒரு கோடியில் இருந்தால் அங்கே தனியாகப் போட வேண்டாம், பெரும்பாலான மாட்யூல்களில் அது ஏற்கெனவே இருக்கும்.

போட்டபின் பவரை அணைத்துவிட்டு மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். சிறு கேபிளில் 60 ஓம் வரும். எனக்கு 73 வந்தது. 400 மீட்டர் செம்புக் கம்பி போய்த் திரும்பும் தடையும் சேர்வதால் அது சரிதான். சிறு கேபிளில் 120 காட்டினால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை, 40 காட்டினால் எங்கோ மூன்றாவது ஒன்று இருக்கிறது.

அடுத்தது, என்னை இரண்டு நாள் அலையவிட்ட இடம். மாட்யூல் அனுப்புவதா கேட்பதா என்று தீர்மானிக்கும் டிஇ, ஆர்இ பின்களை ஒன்றாக இணைத்து, அனுப்பும்போது உயர்த்தி, அனுப்பியதும் இறக்க வேண்டும். எப்போது இறக்குவது? 8 பைட் கேள்வி முழுதாக வெளியேற 8.3 மில்லிசெகண்ட் ஆகும். நான் `delay(8)` போட்டிருந்தேன். கடைசி பைட்டின் கடைசி பிட்கள் வெட்டுப்பட்டன. யாரும் அனுப்பாதபோது லைனை 1 நிலையில் வைக்கும் பயாஸ் ரெசிஸ்டர் இருந்ததால், வெட்டுப்பட்ட பிட்கள் 1 என்றே படிக்கப்பட்டன. அந்தக் கடைசி பைட், மீட்டரின் முகவரியைப் பொறுத்து மாறும் சரிபார்ப்பு எண்ணின் பகுதி. உண்மையிலும் அந்த பிட்கள் 1 ஆக இருந்த முகவரிகள் பதில் சொல்லின, மற்றவை மௌனம். மீட்டரே பழுது என்று நினைத்துவிட்டேன்.

சரி என்று `delay(20)` ஆக்கினேன். இப்போது கேள்வி முடிந்து சுமார் 5 மில்லிசெகண்டில் மீட்டர் பதிலைத் தொடங்க, என் டிரான்சீவர் இன்னும் லைனைப் பிடித்துக்கொண்டிருந்தது. பதிலின் தொடக்கம் காணாமல் போனது. ஊகித்த நேரம் எதுவும் வேண்டாம், கடைசி பிட் வெளியேறும்வரை காத்திருங்கள்:

```
digitalWrite(DE_PIN, HIGH);
Serial1.write(buf, len);
Serial1.flush();
digitalWrite(DE_PIN, LOW);
```

`write()` பஃபரில் போட்டதுமே திரும்பிவிடும், `flush()` தான் அனுப்பி முடியும்வரை நிற்கும். சந்தேகம் வந்தால் ஒரு யூஎஸ்பி-485 அடாப்டரை லைனில் மாட்டிக் கேளுங்கள். இந்த வேலைக்கு அலைக்காட்டியைவிட அதையே நான் விரும்புவேன், வெட்டுப்பட்ட பைட் உடனே தெரிந்துவிடும்.

பின்சேர்க்கை: ஒரே லைனில் பல மாட்யூல்களை வைத்திருக்கும் வாசகர் ஒருவர், ஏதாவது ஒரு போர்டு ரீசெட் ஆனால் எல்லாமே நிற்கிறது என்று எழுதியிருந்தார். அந்த மாட்யூல்களில் டிஇ, ஆர்இ பின்களை 5 வோல்ட்டுக்கு இழுக்கும் 10 கிலோஓம் ரெசிஸ்டர்கள் இருக்கின்றன. போர்டு எழும் நேரத்தில் பின் மிதக்க, மாட்யூல் அனுப்பும் நிலைக்குப் போய் லைனைப் பிடித்துக்கொள்கிறது. அந்த இரண்டையும் எடுத்துவிட்டு, டிஇ-யிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோஓம் போட்டார். அப்புறம் நிற்கவில்லை.