கறுப்புத் திரையில் வெளிச்சத் திட்டு: எது இயல்பு, எது குறை?

புதிய மானிட்டர் வந்த அன்று இரவே பலரும் ஒரு சோதனை செய்து பார்க்கிறார்கள். அறை விளக்கை அணைத்து, திரை முழுக்கக் கறுப்புப் படம் ஒன்றை விரித்து, பிரைட்னஸை நூறுக்கு ஏற்றி, கைபேசியில் ஒரு படம் எடுக்கிறார்கள். படத்தில் நான்கு மூலைகளும் தீப்பற்றியதுபோல் மஞ்சளாக எரிகின்றன. அப்படியொரு படத்தைப் பார்த்துப் பதறி, நல்ல மானிட்டர் ஒன்றை நானும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மாற்றாக வந்தது அதைவிட மோசமாக இருந்தது.

முதல் தவறு அந்தப் படத்தை நம்பியதுதான். எங்கும் கறுப்பாக இருக்கும் காட்சியைக் கண்டதும், வெளிச்சம் போதவில்லை என்று கைபேசிக் கேமரா முடிவுசெய்துகொள்கிறது. ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து, கிடைக்கிற சொற்ப ஒளியைப் பெருக்கிக் காட்டுகிறது. கண்ணுக்கு மங்கலான சாம்பல் பூச்சாகத் தெரிவது படத்தில் விளக்கு வெளிச்சமாகிவிடுகிறது. இதே சோதனையைச் செய்தால் அநேகமாக எந்த எல்சிடி திரையும் தேறாது.

ஏன் என்று பார்ப்போம். எல்சிடி திரை தானாக ஒளிர்வதில்லை. பின்னால் பேக்லைட் எரிந்துகொண்டே இருக்கிறது; முன்னால் உள்ள திரவப் படிக அடுக்கும் அதன் இருபுறமும் ஒட்டிய போலரைசர் தாள்களும் அந்த ஒளியைத் தடுப்பதால்தான் கறுப்பு உண்டாகிறது. அந்தத் தடை முழுமையானதல்ல; கொஞ்சம் ஒளி கசிந்துகொண்டே இருக்கும். எல்சிடியில் ஒரு வகையான ஐபிஎஸ் திரையின் கான்ட்ராஸ்ட் சாதாரணமாக ஏறத்தாழ 1000:1. அதாவது, திரை வெளிச்சத்தை அளக்கும் நிட் கணக்கில் வெள்ளை 300 நிட் தருகிறதென்றால் கறுப்பும் 0.3 நிட் தரும். பிரைட்னஸைக் குறைத்து வெள்ளையை 100 நிட்டுக்குக் கொண்டுவந்தால், கறுப்பு 0.1 நிட்டுக்கு இறங்கிவிடும். திட்டும் அதே விகிதத்தில் மங்கும். யாரும் இரவில் வைத்துப் பார்க்காத முழு பிரைட்னஸில் சோதிப்பது, இல்லாத நோயைத் தேடுவதற்குச் சமம். ஓஎல்இடியில் பேக்லைட்டே கிடையாது. ஆகவே இந்தத் தொல்லையும் கிடையாது.

திரையெங்கும் சமமாக இருக்க வேண்டிய அந்தக் கசிவு சில இடங்களில் மட்டும் கூடுவதற்குப் பெரும்பாலும் அழுத்தமே காரணம். சட்டமோ, உள்ளே ஒரு தாங்கியோ கண்ணாடியை லேசாக வளைத்தால், அந்த இடத்தைக் கடக்கும் ஒளியின் அதிர்வுத் திசை சற்றுத் திரும்பிவிடுகிறது. உடனே போலரைசர் அதைத் தடுக்க முடியாமல் வெளியே விட்டுவிடுகிறது. நடுத்திரையில் மேகம்போல் படரும் திட்டு இப்படித்தான் உண்டாகிறது. விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பாயும் வெளிச்சத்துக்கு, ஓரத்தில் அடுக்குகள் சரியாகப் பொருந்தாததும் காரணமாகலாம்.

அடுத்த குழப்பம் ஐபிஎஸ் பளபளப்பைக் கசிவு என்று எண்ணுவது. ஒரு 27 அங்குல ஐபிஎஸ் மானிட்டரை எடுத்துக்கொள்வோம். கறுப்புத் திரையில் வலது கீழ் மூலையில் ஆரஞ்சு நிறப் பூச்சு தெரிகிறது. மேல் விளிம்பின் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு வெண்மையான திட்டு. மேசையிலிருந்து இரண்டடி பின்னால் போய் நில்லுங்கள். மூலைப் பூச்சு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. தலையை வலப்பக்கம் சாய்த்தால், அது இடது மூலைக்கு இடம்பெயர்கிறது. நம்மோடு சேர்ந்து நகர்வது திரையின் இயல்பு; பார்வைக் கோணம் சாயும்போது ஐபிஎஸ் தடுக்கத் தவறும் ஒளி அது. எத்தனை முறை மாற்றினாலும் புதிதாக வரும் ஐபிஎஸ் திரையிலும் அது இருக்கும். மேல் விளிம்புத் திட்டோ எங்கிருந்து பார்த்தாலும் அங்கேயே நிற்கிறது. அதுதான் கசிவு.

கசிவு என்று தெரிந்துவிட்டால் மட்டும் அது குறையாகிவிடாது. அதே மானிட்டரை அரைமணி நேரம் ஓடவிட்டு, வழக்கமான பிரைட்னஸில், வழக்கமான நாற்காலியில் அமர்ந்து, மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும் படம் ஒன்றை ஓடவிடுங்கள். மேல் பட்டையின் நடுவில் வெள்ளைத் திட்டு பட்டென்று கண்ணில் பட்டு, காட்சி மாறினாலும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தால், என் கணக்கில் அது குறைதான். தேடினால்தான் தெரிகிறதென்றால் விட்டுவிடுவேன். நடுத்திரையில் உள்ள மங்கலான திட்டு, மூலையில் உள்ள பளிச்சென்ற திட்டைவிட மோசம். கண் இருப்பது நடுவில்தான். கூரான விளிம்புள்ள திட்டும், வாரத்துக்கு வாரம் பெரிதாகும் திட்டும் எங்கே இருந்தாலும் புகார் செய்யத் தக்கவை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: இருக்கிற குறையைத் தவறவிடுவது. பேக்லைட்டைப் பகுதி பகுதியாக மங்கச்செய்யும் லோக்கல் டிம்மிங் உள்ள தொலைக்காட்சியில் முழுக் கறுப்புப் படம் போட்டால், அது பேக்லைட்டையே அணைத்துவிடும். திரை மைபோல் கறுத்துக் கிடக்கும், நாமும் மகிழ்ந்துபோவோம். மறுநாள் இருட்டுக் காட்சியில் யாரோ மெழுகுவத்தி ஏற்றியதும் திட்டுகள் எழும்பும். ஆகவே முழுக் கறுப்பு வேண்டாம். கறுப்பை ஒட்டிய அடர் சாம்பல் படத்தைப் போட்டு, ஓரத்தில் சுட்டியையோ மெனுவையோ வைத்துச் சோதியுங்கள். வெள்ளை எழுத்தைச் சுற்றி மட்டும் ஒளிவட்டம் வந்து, எழுத்து மறைந்ததும் தானும் மறைந்தால், அது டிம்மிங் பகுதிகள் பெரிதாக இருப்பதன் விளைவு, கசிவு அல்ல.

டிம்மிங் இல்லாத மானிட்டர்கள் பலவும், வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வீச்சில் காட்டும் எச்டிஆர் பயன்முறையில் பேக்லைட்டை உச்சத்துக்கு ஏற்றிவிடும். அங்கே மட்டும் திட்டு தெரிகிறதா, சாதாரண முறையிலும் தெரிகிறதா என்று பிரித்துப் பாருங்கள்.

திட்டைத் துணியால் தேய்த்துச் சரிசெய்வது இணையத்தில் பரவிக் கிடக்கும் வைத்தியம். சட்டத்தின் அழுத்தம் அப்படியே இருக்கும்போது கண்ணாடியைத் தடவி என்ன பயன்? சற்றே அதிகமாக அழுத்தினால் நிரந்தரத் தழும்பு விழும். மாற்றித் தருபவரும் கைவிரிப்பார். பின்மூடியைத் திறந்து திருகைத் தளர்த்துவதும் உத்தரவாதத்தோடு விளையாடுவதே. வெளியே நாமே போட்ட திருகுகளைப் பார்ப்பது வேறு. சுவர்த் தாங்கியில் மாட்டிய பிறகுதான் மேகம் வந்ததென்றால், தேவைக்கு மேல் நீளமான திருகு உள்ளே போய் அழுத்துகிறதா என்று முதலில் கவனியுங்கள்.

கடைசியாக, நாட்களை நழுவவிடுவது. பயண அலுங்கலால் வந்த திட்டு சில நாட்கள் ஓடியபின் குறைவதுண்டு. அதற்காகக் காத்திருக்கலாம், ஆனால் திருப்பியனுப்பும் கெடு முடிகிறவரை காத்திருக்கக் கூடாது. செத்த பிக்செல்களை எண்ணி வகைப்படுத்த ஐஎஸ்ஓ 9241-307 என்ற தரநிலை இருக்கிறது; ஒளிக்கசிவையோ அப்படி ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாது. அதனால் உத்தரவாதப் பிரிவில் 'இயல்பான அளவுதான்' என்ற பதில் சுலபமாக வந்துவிடும். திருப்பியனுப்பும் காலத்துக்குள் அந்த வாக்குவாதத்துக்கே பெரும்பாலும் இடமிருக்காது.

புகாருக்குப் படம் எடுப்பதானால், கேமராவின் எக்ஸ்போஷரைக் கையால் குறைத்துக்கொண்டே வாருங்கள். கைபேசியில் தெரிவதும் கண்ணில் தெரிவதும் ஒத்துப்போகும் இடத்தில் எடுங்கள். கூடவே தலையை இருபுறமும் நகர்த்தியபடி ஒரு சிறு வீடியோ. திட்டு அசையாமல் நிற்பது அதில் பதிவாகிவிட்டால், ஐபிஎஸ் பளபளப்பு என்று அவர்கள் ஒதுக்கிவிட முடியாது.