மெயிலில் 'முடியாது' என்று சொல்லும்போது

சக ஊழியர் ஒருவர், வெள்ளிக்கிழமைக்குள் தன் அறிக்கையைச் சரிபார்த்துத் தரச் சொல்லி மெயில் அனுப்புகிறார். உங்களுக்கு நேரமில்லை. பலர் இப்படித்தான் பதில் எழுதுவார்கள்: "நீங்கள் கடைசி நேரத்தில் அனுப்பியிருக்கிறீர்கள். என்னால் பார்க்க முடியாது."

இதில் குத்துவது 'முடியாது' அல்ல, முதல் வாக்கியம்தான். மறுப்புக்கான காரணத்தை அவர் தலையில் வைக்கிறது. அதே காரணத்தை உங்கள் பக்கத்திலிருந்து சொல்லுங்கள்:

"அறிக்கை கிடைத்தது. வெள்ளி வரை தணிக்கை வேலையில் இருப்பதால் முழுவதையும் பார்க்க இயலாது. செலவுப் பட்டியல் பக்கத்தை மட்டும் நாளை மதியத்துக்குள் பார்த்து அனுப்பட்டுமா? முழுவதும் பார்க்க வேண்டுமென்றால் திங்கள் சரிவரும்."

மறுப்பு இரண்டாவது வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. அதைத் தள்ளிப்போடாதீர்கள். "முயற்சி செய்கிறேன்", "பார்க்கலாம்" என்று மென்மைக்காக எழுதினால் அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு வியாழன் மாலை நினைவூட்டுவார். அப்போது மறுப்பதுதான் உறவைக் கெடுக்கும். காரணம் ஒன்று போதும். மூன்று எழுதினால் சாக்கு மாதிரி இருக்கும். மன்னிப்பும் அப்படித்தான், ஒருமுறைக்கு மேல் கேட்டால் படிப்பவருக்கே சங்கடம்.

மாற்று வழி சொல்வது நல்லதுதான், உண்மையிலேயே செய்ய முடிந்தால் மட்டும். அப்புறம், மேலாளரை சிசியில் சேர்க்காதீர்கள். எவ்வளவு இதமாக எழுதினாலும் புகார் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.