டேட்டாவை அழித்துவிட்டு எழுதும் மன்னிப்பு மெயில்

போன வாரம் எங்கள் டீமுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், தன் லேப்டாப்பில் ஓடுவதாக நினைத்து க்ளீனப் ஸ்கிரிப்டை எல்லோருக்கும் பொதுவான கியூஏ டேட்டாபேஸில் ஓட்டிவிட்டார். அவர் அனுப்பிய மன்னிப்பு மெயில், சில வருஷங்களுக்கு முன் நான் எழுதியதன் நகல் போலவே இருந்தது. ஸ்கிரிப்டை ஓட்டும் முன் கனெக்‌ஷனைப் பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள்.

எந்த நேரம் என்று சொல்லாதது

நான் எழுதியது மூன்றே வரி: "தவறுதலாக டேட்டா அழிந்துவிட்டது. மன்னிக்கவும். இப்போது சரியாகிவிட்டது."

அழித்தது காலை 11:40. டேட்டாவைத் திரும்ப ஏற்றி முடித்தது 12:25. இரண்டு நேரமும் மெயிலில் இல்லை. நடுவில் பக்கத்து டீமின் ரெக்ரஷன் ஓடிக்கொண்டிருந்தது. மெயில் 12:30க்குப் போனதால், 11:50க்கு ஃபெயிலானதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்து அவர்கள் பக் போட்டுவிட்டார்கள். இல்லாத பக்கைத் தேடி ஒரு டெவலப்பருக்கு ஒன்றரை நாள் போயிற்று.

சிவப்பையாவது யாரோ தோண்டிப் பார்த்தார்கள். எனக்கு இன்றும் எரிச்சல் தருவது பச்சைதான். "ரத்தான ஆர்டர் தேடலில் வரக்கூடாது" என்று ஒரு டெஸ்ட். டேபிளே காலி, எதுவும் வரவில்லை, பாஸ்! உண்மையில் அந்தத் தேடலில் ஒரு பக் இருந்தது. இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதனால் அந்த நேரத்துக்குள் வந்த பாஸும் செல்லாது என்று மெயிலில் தனியாக எழுத வேண்டும்.

எது போயிற்று, எது திரும்பவில்லை

நான் ஓட்டியது இது:

```sql
TRUNCATE orders CASCADE;
```

orders மட்டும் போனதாக எழுதினேன். CASCADE போட்டால், ஃபாரின் கீ வழியாக அதைச் சார்ந்த டேபிள்களும் காலியாகும். போஸ்ட்கிரெஸ் அதைத் திரையிலேயே சொல்கிறது:

```
NOTICE:  truncate cascades to table "payments"
```

அந்த வரிகளை அப்படியே மெயிலில் ஒட்டுங்கள். இன்னொன்று, வெறும் TRUNCATE ஐடி எண்ணை ஒன்றிலிருந்து திரும்பத் தொடங்காது. ஐடியைக் குறிப்பிடாமல் ஸ்கிரிப்ட் மறுபடி ஏற்றும் ஆர்டர்களுக்குப் புது எண் வரும். பழைய எண்ணை நம்பிய டெஸ்டுகள் விழும்.

"அழிந்துவிட்டது"

தானாக அழியவில்லை. "அழித்தேன்."

எல்லாம் சரிசெய்த பிறகு சொல்வது

முதலில் சாட்டில் ஒரு வரி: "ரன்னை நிறுத்துங்கள்." மெயில் அப்புறம்.

தம்பியோடு உட்கார்ந்து திருத்தி எழுதியது:

"இன்று மாலை 3:10க்கு கியூஏ டேட்டாபேஸில் orders, payments இரண்டையும் தவறுதலாக அழித்தேன். 3:50க்குத் திரும்ப ஏற்றினேன். ஆர்டர் ஐடிகள் மாறியிருக்கும். நீங்கள் கையால் உள்ளிட்ட ஆர்டர்கள் திரும்பவில்லை. 3:10 முதல் 3:50 வரை ஓடிய எந்த ரிசல்ட்டும், பாஸ் உட்பட, செல்லாது. மீண்டும் ஓட்ட வேண்டியவற்றைச் சொல்லுங்கள், இரவு நானே ஓட்டுகிறேன். மன்னிக்கவும்."