ஓவர்டைம் வரம்பு: கணக்கு எங்கே பிசகுகிறது?

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஒரு தொழிலாளிக்குக் காலாண்டுக்கு 50 மணி நேர ஓவர்டைம் என்று வரம்பு வைத்தது. சில மாநிலங்கள் பின்னர் அதை உயர்த்தின. 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் வரம்பை அரசின் விதிகளுக்கு விட்டிருக்கிறது. உங்கள் ஆலைக்கு எந்த எண் பொருந்துமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே 50ஐ வைத்தே பேசுகிறேன்.

பல மீறல்கள் சம்பளப் பட்டியலை நம்புவதால் நடக்கின்றன. பல ஆலைகளில் வருகைக் கணக்கு 26ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 25இல் முடியும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலாண்டோ ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதியில் தொடங்குகிறது. ஒருவருக்கு ஏப்ரல், மே, ஜூன் சம்பளப் பட்டியல்களில் 14, 16, 15 மணி நேரம் இருக்கிறது என்று வைப்போம். கூட்டினால் 45, பத்திரமாகத் தெரியும். ஆனால் ஏப்ரல் பட்டியலில் உள்ள 2 மணி நேரம் மார்ச் கடைசி வாரத்தில் செய்தது, அதைக் கழிக்க வேண்டும். ஜூன் 26 முதல் 30 வரை, சரக்கு அனுப்பும் அவசரத்தில் செய்த 8 மணி நேரம் ஜூலைப் பட்டியலில்தான் வரும், அதைச் சேர்க்க வேண்டும். உண்மைக் கணக்கு 51.

ஆகவே தேதிவாரியாகவே கூட்டுங்கள். எக்செல் தாளின் A பத்தியில் டோக்கன் எண், B இல் தேதி, C இல் ஓவர்டைம் மணி, F1 இல் வரம்பு என்றால், 1047ஆம் டோக்கனுக்கு மீதி இப்படி வரும்:

```
=F1-SUMIFS(C:C,A:A,1047,B:B,">="&DATE(2025,4,1),B:B,"<="&DATE(2025,6,30))
```

ஜூன் 30 இரவு ஷிப்டில் நள்ளிரவுக்குப் பின் செய்த வேலையையும் ஜூன் 30இலேயே எழுதுங்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி அது முந்தைய நாளின் வேலை.

அடுத்த தவறு, செய்து முடித்ததை மட்டும் கழிப்பது. ஒருவர் 43 மணி நேரம் செய்திருக்கிறார், சனிக்கிழமைக்கு 4 மணி நேரம் ஏற்கெனவே ஒதுக்கியாகிவிட்டது என்றால் மீதி 7 அல்ல, 3தான். வெள்ளியன்று இன்னொரு பிரிவின் மேற்பார்வையாளர் அவரை 4 மணி நேரத்துக்குக் கேட்டால் கொடுக்கக் கூடாது. ஒதுக்கும்போதே தாளில் எழுதி, வேலை முடிந்ததும் உண்மையான நேரத்தைப் போட்டுத் திருத்துங்கள். மீதி 10க்குக் கீழே போனவர்களின் பட்டியல், ஷிப்டுக்கு ஆள் போடும் முன்பே மேற்பார்வையாளர் கையில் இருக்க வேண்டும். மாதக் கடைசியில் பதிவேட்டை நிரப்பினால் மீறலைப் பார்க்கலாம், தடுக்க முடியாது.

காலாண்டில் மீதி இருப்பதால் மட்டும் ஆள் போட்டுவிடவும் கூடாது. ஓவர்டைமோடு சேர்த்து நாளுக்கு 10, வாரத்துக்கு 60 மணி நேரம் என்ற வரம்புகளையும் 1948ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தது.

எல்லாவற்றையும்விட மோசமானது, 50ஐத் தாண்டிய நேரத்தைப் பதிவேட்டில் மறைத்து, தனி நோட்டில் எழுதி, பதிலுக்கு விடுப்பு தருவது. செய்த வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்பது தொழிலாளியின் உரிமை; வரம்பு மீறியதற்கான பொறுப்பு நிர்வாகத்துடையது. நேரத்தை உள்ளபடி எழுதி, கூலியை முழுதாகக் கொடுத்து, அந்தக் காலாண்டு முடியும் வரை அவரை ஓவர்டைம் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.